எதிரொலியைத் துரத்தும் இரண்டு கணக்குகள்

மேசைமேல் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பேசும் பழக்கம் இன்று பல வீடுகளில் உண்டு. துபாயிலிருந்து மகன் பேசுகிறான். அவன் குரல் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, சுவரிலும் அலமாரியிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, கடைசியில் மைக்கிலும் விழுகிறது. மைக்குக்கு ஆள் அடையாளம் தெரியாது. அம்மாவின் குரலோடு மகனின் குரலையும் சேர்த்தே அது அனுப்பிவைக்கும். இடையில் யாரும் தடுக்காவிட்டால், மகன் தான் சொன்னதையே சற்று நேரம் கழித்துத் தன் காதில் கேட்பான். அப்படிக் கேட்டுக்கொண்டே சரளமாகப் பேசுவது பெரும்பாலோருக்கு முடியாத காரியம், நாக்கு தடுமாறும்.

தடுக்கும் வேலையைப் போனுக்குள் இருக்கும் ஒரு நிரல் பார்த்துக்கொள்கிறது. ஸ்பீக்கருக்கு என்ன ஒலி போனது என்பது அதற்குத் தெரியும். அந்த ஒலி அறையைச் சுற்றி எந்த உருவத்தில் மைக்கை வந்தடையும் என்று அது ஊகிக்கிறது. ஊகித்ததை மைக்கில் பதிவானதிலிருந்து கழித்துவிடுகிறது. ஊகம் சரியாக இருந்தால் எஞ்சுவது அம்மாவின் குரல் மட்டும். அறைக்கு அறை எதிரொலி மாறும் என்பதால், ஊகிக்கும் விதத்தை நிரல் பேச்சின் நடுவிலேயே கற்றுக்கொண்டாக வேண்டும். இப்படிப் போகிற போக்கில் தன்னைத் திருத்திக்கொள்ளும் கணக்குக்குத் 'தகவமையும் வடிகட்டி' என்று பெயர். அதைக் கற்றுக்கொள்ளவைக்க இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன: எல்.எம்.எஸ்., ஆர்.எல்.எஸ். முதலாவது மெதுவானது, மலிவானது. இரண்டாவது வேகமானது, செலவு மிக்கது. பாடப்புத்தகங்கள் இந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வதுண்டு. ஆனால் 'வேகம்' எங்கிருந்து வருகிறது, எப்போது வராது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எடைகள் என்றால் என்ன?

சாதாரணத் தொலைபேசிப் பேச்சில் ஒலி நொடிக்கு 8000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. மைக்கில் இந்தக் கணம் விழும் எதிரொலி, ஸ்பீக்கருக்குச் சற்று முன்பு போன பல மாதிரிகளின் கலவை. ஒரு மாதிரிக்கு முன் போனதில் இவ்வளவு பங்கு, இரண்டு மாதிரிக்கு முன் போனதில் இவ்வளவு பங்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். அந்தப் பங்குகள்தாம் 'எடைகள்'. எதிரொலி 64 மில்லிநொடி நீடித்தால், 8000-ஐ 0.064-ஆல் பெருக்கி 512 எடைகள் என்று கணக்காகும். வடிகட்டிக்குத் தெரியாதவை இந்த 512 எண்கள்.

இவற்றைத் தேடும் தேவை முதலில் எழுந்தது வீட்டு ஸ்பீக்கரால் அல்ல, செயற்கைக்கோளால். 1965-இல் 'ஏர்லி பேர்ட்' என்ற செயற்கைக்கோள் அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் தொலைபேசியில் இணைத்தது. அது பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றது. குரல் மேலே போய்க் கீழே வரக் கால் நொடி. எதிரொலியாகத் திரும்ப இன்னொரு கால் நொடி. தரைவழிக் கம்பியில் யாரும் பொருட்படுத்தாத எதிரொலி, அரை நொடித் தாமதத்தோடு வந்தபோது பொறுக்க முடியாததாகிவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லியும் பென் லோகனும் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் எதிரொலி நீக்கியைப் பற்றி யோசித்தார்கள். அதே ஆய்வகத்தில் பணியாற்றிய மன்மோகன் சோந்தி 1967-இல் அதைப் பற்றிய முக்கியமான கட்டுரையை வெளியிட்டார்.

இரண்டு வரியில் ஒரு கணக்கு

எல்.எம்.எஸ். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்டது. 1959 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹாஃபும் கரும்பலகை முன் நின்று அதை உருவாக்கினார்கள், 1960-இல் வெளியிட்டார்கள். ஹாஃப் பின்னாளில் இன்டெல் நிறுவனத்துக்குப் போய், உலகின் முதல் மைக்ரோபிராசசர்களில் ஒன்றான 4004-இன் வடிவமைப்பில் பங்கெடுத்தவர்.

கணக்கு இவ்வளவுதான்:

```
e = d - w @ x
w = w + mu * e * x
```

`x` என்பது ஸ்பீக்கருக்குப் போன அண்மை மாதிரிகள். `w` இப்போதைய எடைகள். `d` மைக்கில் விழுந்தது. முதல் வரி, ஊகத்தைக் கழித்து மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிறது. அந்த மிச்சம்தான் பிழை, `e`. இரண்டாவது வரி, பிழை குறையும் திசையில் எல்லா எடைகளையும் கொஞ்சம் நகர்த்துகிறது. எவ்வளவு நகர்த்துவது என்பதை `mu` என்ற அடியளவு தீர்மானிக்கிறது. நகர்த்தி முடித்ததும் பழைய மாதிரிகளை அது மறந்துவிடும். அவற்றிலிருந்து கற்றதில் எடைகளில் ஏறியது மட்டுமே மிஞ்சும்.

ஆர்.எல்.எஸ். அப்படி மறப்பதில்லை. இதுவரை வந்த எல்லா மாதிரிகளுக்கும் சேர்த்து, பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் எந்த எடைகளுக்குக் கூட்டுத்தொகை மிகக் குறைவோ, அந்த எடைகளை ஒவ்வொரு மாதிரி வரும்போதும் புதிதாகத் தருகிறது. இந்த மீச்சிறு வர்க்க யோசனை பழையது. லெஜாந்தர் 1805-இல் அதை அச்சில் வெளியிட்டார். முழுக் கணக்கையும் முதலிலிருந்து போடாமல், புதிதாக வந்த ஓர் அளவீட்டுக்காக விடையை மட்டும் திருத்தும் வழியை 1820-களில் காஸ் எழுதிவைத்தார். அது கவனிக்கப்படாமல் கிடந்தது. 1950-இல் ராபின் பிளாக்கெட் அதை மறுபடியும் கண்டடைந்தார். இன்றைய வடிவம் இது:

```
k = P @ x / (lam + x @ P @ x)
e = d - w @ x
w = w + k * e
P = (P - np.outer(k, x @ P)) / lam
```

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஓரிடத்தில்தான். எல்.எம்.எஸ். எடையை `mu * x` திசையில் நகர்த்துகிறது, ஆர்.எல்.எஸ். `k` திசையில் நகர்த்துகிறது. `k`-ஐத் தருவது `P` என்ற அணி. அதை ஒரு கடைப் பேரேடு என்று வைத்துக்கொள்ளலாம். எந்தத் திசையில் இதுவரை எவ்வளவு தகவல் வந்திருக்கிறது, எந்தத் திசையில் இன்னும் ஒன்றும் தெரியாது என்ற கணக்கு அதில் இருக்கிறது. நன்றாகத் தெரிந்த திசையில் சிறிய அடி, தெரியாத திசையில் பெரிய அடி என்று ஆர்.எல்.எஸ். எடுத்துவைக்கிறது. எல்.எம்.எஸ்.ஸுக்கு எல்லாத் திசைக்கும் ஒரே அடியளவுதான்.

இரண்டே எடைகள் வைத்துப் பார்த்தால்

512 எடைகளைக் கையால் போட்டுப் பார்க்க முடியாது, இரண்டு போதும். உண்மையான எடைகள் 0.6, −0.2 என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டிக்கு இது தெரியாது. இரண்டையும் சுழியில் தொடங்குகிறது.

பேச்சொலிக்கு ஒரு குணம் உண்டு. 'ஆ' என்று இழுத்தால் அடுத்தடுத்த மாதிரிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நொடிக்கு 8000 மாதிரி எடுக்கும்போது, உயிரெழுத்து ஒலிகளில் பக்கத்துப் பக்கத்து மாதிரிகளின் ஒட்டுறவு 0.9-ஐ ஒட்டி இருப்பது சகஜம். இதனால் ஒரு சிக்கல் வருகிறது. இரண்டு மாதிரிகளும் கிட்டத்தட்டச் சமம் என்றால், எதிரொலியைப் பார்த்து இரண்டு எடைகளின் கூட்டுத்தொகையை எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் அவற்றின் வித்தியாசத்தைப் பற்றி எதிரொலி மிகக் குறைவாகவே சொல்லும். ஒட்டுறவு 0.9 என்றால், கூட்டுத்தொகைத் திசையில் இருக்கும் ஆற்றல் 1.9, வித்தியாசத் திசையில் வெறும் 0.1. ஒன்றுக்கு மற்றது 19 மடங்கு.

அடியளவை 0.1 என்று வைத்து எல்.எம்.எஸ்.ஸை ஓடவிட்டால், ஒவ்வொரு மாதிரிக்கும் கூட்டுத்தொகையில் உள்ள பிழை சராசரியாக 0.81 மடங்காகச் சுருங்கும். வித்தியாசத்தில் உள்ள பிழை 0.99 மடங்காகத்தான் சுருங்கும். முதல் பிழை பத்தில் ஒரு பங்காக 11 மாதிரிகள் போதும். இரண்டாவதற்கு 229 மாதிரிகள் வேண்டும். அதாவது 11 மாதிரிகள் முடிந்த நிலையில் வடிகட்டி கண்டுபிடித்துவைத்திருக்கும் எடைகள் சுமார் 0.22, 0.14. உண்மை 0.6, −0.2. இரண்டாவது எடையின் குறியே தவறு.

அடியளவைக் கூட்டி வேகப்படுத்தலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. மிக வலுவான திசையில் அடி மிஞ்சிப்போனால் எடைகள் அங்குமிங்கும் தாவி, கடைசியில் வெடித்துச் சிதறும். இங்கே அந்த எல்லை, 2-ஐ 1.9-ஆல் வகுத்தால் வரும் 1.05. அது கூட ஏட்டுக் கணக்குதான்; நடைமுறையில் அதற்கு வெகு கீழேயே நிற்க வேண்டும். வலுவான திசை அடியளவைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டுக்குள் பலவீனமான திசை ஊர்ந்து போகிறது. எல்.எம்.எஸ்.ஸின் மெத்தனத்துக்கு முழுக் காரணம் இதுதான்.

ஆர்.எல்.எஸ்.ஸுக்கு இந்த 19 மடங்கு ஒரு பொருட்டே இல்லை. இரைச்சலே இல்லாவிட்டால், இரண்டு தெரியாத எண்களுக்கு இரண்டு மாதிரிகள் போதும். பள்ளிக்கூடத்து ஒருங்கமை சமன்பாடுகளைப் போலத் தீர்த்துவிடும். சிறிது இரைச்சல் உள்ள நடைமுறைக்குப் பொறியாளர்கள் சொல்லும் விதி, எடைகளின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு மாதிரிகள். இரண்டு எடைக்கு 4 மாதிரி. 512 எடைக்கு 1024 மாதிரி, அதாவது எட்டில் ஒரு நொடி.

எல்.எம்.எஸ்.ஸின் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சிய எதிரொலியின் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் வேடிக்கை. மேலே சொன்ன 11-ஆவது மாதிரியில், எடைகள் அவ்வளவு தவறாக இருந்தும், எதிரொலி ஆற்றலில் சுமார் 85 சதவீதம் நீங்கியிருக்கும். 'ஆ' ஒலியில் வித்தியாசத் திசைக்கு ஆற்றல் இல்லாததால் அந்தத் தவறு வெளியே தெரியவில்லை. பேசுபவர் 'ஆ'விலிருந்து 'ஸ்' என்ற சீறலுக்கு மாறட்டும். சீறலில் அடுத்தடுத்த மாதிரிகளுக்குள் பெரிய ஒட்டுறவு கிடையாது. உடனே அதே எடைகள் எதிரொலியில் 36 சதவீதத்தைத்தான் நீக்கும். மீதி திரும்பிப் போய்விடும். பேச்சின் தொடக்கத்தில் உயிரொலிகள் அடங்கி, மெய்யொலிகள் மட்டும் சலசலவென்று திரும்பிக் கேட்டால், எடைகள் இன்னும் உண்மைக்கு வந்து சேரவில்லை என்று பொருள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உள்ளே போகும் ஒலி தொடக்கத்திலிருந்தே ஒட்டுறவு இல்லாத வெள்ளை இரைச்சலாக இருந்தால், எல்லாத் திசைகளிலும் ஆற்றல் சமம். அப்போது, அடியளவை ஒலியின் வலிமைக்கேற்பச் சரிசெய்துகொள்ளும் என்.எல்.எம்.எஸ். என்ற வடிவம் எதிரொலி ஆற்றலை நூறில் ஒன்றாக்க, எடைகளின் எண்ணிக்கையைப் போல 4.6 மடங்கு மாதிரிகள் போதும். ஆர்.எல்.எஸ்.ஸின் 2 மடங்குக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. ஆர்.எல்.எஸ். வேகமானது என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒட்டுறவு மிகுந்த ஒலியில் அது வேகம் குறையாதது என்று சொல்வதே சரி.

ஒரு மாதிரிக்கு எத்தனை பெருக்கல்?

எடைகளின் எண்ணிக்கை N என்றால், எல்.எம்.எஸ். ஒவ்வொரு மாதிரிக்கும் சுமார் 2N பெருக்கல் செய்கிறது: ஊகிக்க N, திருத்த N. ஆர்.எல்.எஸ். பேரேட்டைப் புரட்டியாக வேண்டும். அதில் N × N எண்கள். சமச்சீரைப் பயன்படுத்திச் சிக்கனமாக எழுதினாலும் சுமார் 2N² பெருக்கல் ஆகும். ஆக, ஒன்றின் செலவு மற்றதைப் போல N மடங்கு.

512 எடைகள் கொண்ட தொலைபேசி இணைப்பில் எல்.எம்.எஸ்.ஸுக்கு நொடிக்கு 82 லட்சம் பெருக்கல்கள். ஆர்.எல்.எஸ்.ஸுக்கு 419 கோடி. இன்றைய சிப்புகளுக்கு இது முடியாத வேலை இல்லை. ஆனால் ஓர் எதிரொலிக்காக பேட்டரியை இப்படிக் கரைக்க எந்த போன் தயாரிப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஸ்பீக்கர் வைத்த அறை என்றால் நிலைமை இன்னும் மோசம். அறையின் எதிரொலி கால் நொடி வரை நீளலாம். ஒலியின் தரத்துக்காக நொடிக்கு 16,000 மாதிரி எடுத்தால் எடைகள் 4000. எல்.எம்.எஸ். நொடிக்கு 12.8 கோடி பெருக்கலோடு முடித்துவிடும். ஆர்.எல்.எஸ். 51,200 கோடி கேட்கும். பெருக்கலைவிடப் பெரிய தலைவலி நினைவகம். பேரேட்டில் 1.6 கோடி எண்கள்; எண்ணுக்கு 4 பைட் என்றால் 64 மெகாபைட். அதை நொடிக்கு 16,000 முறை முழுதாகப் படிக்க வேண்டும் என்றால், நினைவகத்திலிருந்து நொடிக்கு ஒரு டெராபைட் வர வேண்டும். சமச்சீரால் பாதியாகக் குறைத்தாலும் ஒரு கைப்பேசிக்கு அது எட்டாத தூரம்.

இந்தச் செலவைக் குறைக்க முயன்றவர்கள் உண்டு. அடுத்தடுத்த மாதிரி வரிசைகள் ஓரிடம் நகர்ந்த நகல்கள்தாம் என்பதை வைத்து, டேவிட் ஃபால்கனரும் லென்னார்ட் லியுங்கும் 1978-இல் செலவை N-க்கு நேர்விகிதமாக இறக்கிக் காட்டினார்கள். 1984-இல் ஜான் சியோஃபியும், புனேயில் பிறந்த தாமஸ் கைலாத்தும் அதை மேலும் சுருக்கினார்கள். காகிதத்தில் அருமையான கணக்கு. சிப்பில் ஓடவிட்டபோது, ஒவ்வோர் அடியிலும் தசமத்தைத் துண்டிப்பதால் வரும் சிறு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, திடீரென்று வடிகட்டியைக் கவிழ்த்தன. அதற்கும் வைத்தியங்கள் வந்தன, ஆனால் எல்.எம்.எஸ்.ஸின் இரண்டு வரி எளிமை கைவிட்டுப் போனது.

இரைச்சல் வந்தால்

மைக்கில் மின்விசிறிச் சத்தமும் விழும். அதை எந்த எடையாலும் ஊகிக்க முடியாது. பிழையில் அது எப்போதும் கலந்தே இருக்கும். எல்.எம்.எஸ். அந்தப் பிழையைப் பார்த்து எடைகளை நகர்த்துவதால், உண்மையை எட்டிய பிறகும் எடைகள் அடங்கி நிற்பதில்லை. சுற்றிலும் ஆடிக்கொண்டே இருக்கும். இந்த ஆட்டத்தால் கூடும் பிழை ஏறக்குறைய அடியளவு × மொத்த ஆற்றல் ÷ 2. நம் இரண்டு எடைக் கணக்கில் அடியளவு 0.1, மொத்த ஆற்றல் 2. எனவே மின்விசிறி இரைச்சலைப் போல 10 சதவீதம் கூடுதல் பிழை நிரந்தரமாகத் தங்கிவிடும். அதை 1 சதவீதமாக்க அடியளவை 0.01-க்குக் குறைக்கலாம். அப்போது பலவீனமான திசையில் பிழை பத்தில் ஒன்றாக 229-க்குப் பதில் 2300 மாதிரிகள் ஆகும். எல்.எம்.எஸ்.ஸில் வேகமும் அமைதியும் ஒரே திருகியில் இருக்கின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

எதையும் மறக்காத ஆர்.எல்.எஸ்.ஸில், அதாவது `lam` சரியாக 1 என்றால், கூடுதல் பிழை எடைகளின் எண்ணிக்கையை இதுவரை வந்த மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்தது. 200 மாதிரிகள் வந்ததும் 2 ÷ 200, அதாவது 1 சதவீதம். எல்.எம்.எஸ். 2300 மாதிரிகளில் எட்டுவதை இது 200-இல் எட்டுகிறது. அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போகிறது.

ஆனால் அறை அப்படியே இருக்கும் என்று யார் சொன்னது? அம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகிறார். எதிரொலியின் பாதையே மாறிவிடுகிறது. அதுவரை 10 நிமிடம் பேசியிருந்தால் பேரேட்டில் 48 லட்சம் பழைய மாதிரிகள் ஏறியிருக்கும். புதிய மாதிரிகள் அவற்றுக்குச் சமமாகி, எடைகள் பாதி தூரமாவது நகர இன்னும் 10 நிமிடம் ஆகும். எதையும் மறக்காதவர் எதையும் புதிதாகக் கற்பதில்லை.

அதனால்தான் `lam`-ஐ 1-க்குச் சற்றுக் கீழே வைக்கிறார்கள். அது மறதிக் காரணி. 0.99 என்று வைத்தால் பழையவை மங்கி, சுமார் 100 மாதிரிகளின் நினைவு மட்டும் இருக்கும். இரண்டு எடைக்கு இது நன்றாக ஒத்துவரும். கூடுதல் பிழை 1 சதவீதம். அதே 0.99-ஐ 512 எடைக்கு வைத்தால் என்ன ஆகும்? 512 தெரியாத எண்களை 100 மாதிரிகளின் நினைவிலிருந்து கண்டுபிடிக்கச் சொல்வதாகும். சூத்திரம் கூடுதல் பிழையை 257 சதவீதம் என்கிறது. வடிகட்டி இரைச்சலையே எதிரொலியாக எண்ணி மனப்பாடம் செய்துவிடும். 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமானால் நினைவு, எடைகளைப் போல 10 மடங்கு இருக்க வேண்டும்: 5120 மாதிரிகள், `lam` 0.9998. அறைக்கான 4000 எடைகளில் அதே கணக்கு 40,000 மாதிரிகள், இரண்டரை நொடி. போனோடு நடக்கும் ஒருவரின் அறை அதற்குள் பலமுறை மாறியிருக்கும். தொடக்கத்தில் பாய்ந்து போகும் ஆர்.எல்.எஸ்., மாறும் பாதையைத் துரத்தும்போது எல்.எம்.எஸ்.ஸை முந்தியே தீரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மறதிக்கு இன்னொரு விலையும் உண்டு. நிரலின் கடைசி வரி ஒவ்வொரு முறையும் `P`-ஐ `lam`-ஆல் வகுக்கிறது. ஒலி வந்துகொண்டிருந்தால் கழித்தலும் வகுத்தலும் சமமாகி `P` நிலையாக இருக்கும். மகன் பேச்சை நிறுத்தி, கம்பியில் முழு அமைதி நிலவினால் கழிப்பதற்கு எதுவும் இல்லை. வகுத்தல் மட்டும் நடக்கும். 0.9998-ஆல் 80,000 முறை வகுத்தால், அதாவது 10 நொடி அமைதியில், `P` சுமார் 89 லட்சம் மடங்கு வீங்கிவிடும். தனக்கு எதுவுமே தெரியாது என்று கணக்கு நம்பத் தொடங்கிவிட்டது. அடுத்து மகன் 'அம்மா' என்று சொன்னதும் முதல் சில மாதிரிகளையும் அவற்றோடு வந்த மின்விசிறிச் சத்தத்தையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, எடைகள் எங்கோ தாவும். அனுபவமுள்ளவர்கள் இதற்கு `P`-யின் மூலைவிட்ட எண்களைக் கண்காணிப்பார்கள். அவை ஏறிக்கொண்டே போனால் அமைதியின் வீக்கம். அவற்றில் ஒன்று சுழிக்குக் கீழே போனால், துண்டிப்புப் பிழைகளால் பேரேடே கெட்டுவிட்டது. அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. எல்.எம்.எஸ்.ஸில் இந்த நோய் கிடையாது. ஒலி இல்லாவிட்டால் `x` சுழி. எடைகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எல்லா இரைச்சலிலும் கொடியது, அம்மாவும் மகனும் ஒரே நேரத்தில் பேசுவது. வடிகட்டியின் பார்வையில் அம்மாவின் குரல் முழுக்க இரைச்சல்தான். அதுவும் எதிரொலியைவிடப் பெரியது. இரண்டு முறைகளும் இங்கே தடம்புரளும். வேகமாகக் கற்கும்படி அமைத்த கணக்கு வேகமாகவே கெடும். இதற்குத் தொலைபேசிப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பழைய காவல் எளிமையானது. கம்பிவழி இணைப்பில் எதிரொலி, போன குரலில் பாதிக்கு மேல் இருக்காது என்று எடுத்துக்கொண்டு, மைக் பக்கத்தில் அதைவிடப் பெரிய அளவு வந்தால் இந்த முனையில் யாரோ பேசுகிறார்கள் என்று முடிவுகட்டி, எடைகளைத் திருத்துவதைச் சற்று நேரம் நிறுத்திவைப்பது. கெய்கல் முறை என்று அதற்குப் பெயர். ஸ்பீக்கர் போனில் எதிரொலியே குரலைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதால், அங்கே வேறு சோதனைகள் தேவைப்படும்.

எங்கே எது?

எடைகள் பத்து, இருபது என்று இருக்கும் இடங்களில் ஆர்.எல்.எஸ். தன் மதிப்பைக் காட்டுகிறது. தொலைபேசிக் கம்பியில் தரவு அனுப்பிய மோடம்கள், பேசத் தொடங்கும் முன் கம்பியின் குணத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பயிற்சி நேரத்தில் ஒரு பிட் கூடப் பயனுள்ள தரவு போகாது. 1974-இல் டொமினிக் கோதார், கால்மன் வடிகட்டியிலிருந்து கிளைத்த இந்த வகைக் கணக்கு பயிற்சி நேரத்தை வெகுவாகக் குறைக்கும் என்று காட்டினார். சில ஆன்டெனாக்களைக் கொண்டு இரைச்சல் வரும் திசையை அடைக்கும் கருவிகளிலும் இதே நியாயம்தான். 8 எடைகளுக்கு 2N² என்பது வெறும் 128 பெருக்கல். யாரும் கஞ்சத்தனம் பார்க்கத் தேவையில்லை.

எடைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் அறை எதிரொலியில் என்.எல்.எம்.எஸ்.ஸும் அதன் உறவினர்களும்தான் ஆள்கிறார்கள். ஒலியை அலைவரிசைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஓர் அடியளவு கொடுப்பது ஒரு வழி. ஜப்பானியர்களான ஒசேகியும் உமேதாவும் 1984-இல் சொன்னபடி, கடைசியாக வந்த சில மாதிரி வரிசைகளை மட்டும் சேர்த்துத் தீர்ப்பது இன்னொரு வழி. இரண்டுமே ஒட்டுறவின் பிடியைத் தளர்த்தி, ஆர்.எல்.எஸ்.ஸின் வேகத்தில் ஒரு பகுதியைச் சிறு செலவில் வாங்கிக்கொள்கின்றன.

தேர்வு செய்ய உட்காரும் மாணவர்களும் பொறியாளர்களும் முதலில் மூன்று எண்களை எழுதிக்கொள்வது நல்லது: எடைகள் எத்தனை, உள்ளே வரும் ஒலியில் வலுவான திசைக்கும் பலவீனமான திசைக்கும் எத்தனை மடங்கு, பாதை எத்தனை மாதிரிகளுக்கு ஒருமுறை மாறுகிறது. எடைகள் சில பத்துக்குள் இருந்து, மடங்கு பெரிதாக இருந்து, பாதை மாறும் கால அளவு எடைகளைப் போல 10 மடங்குக்கு மேல் இருந்தால் ஆர்.எல்.எஸ். கொடுத்த காசுக்கு வேலை செய்யும். இந்த மூன்றில் ஒன்று பொய்த்தாலும் என்.எல்.எம்.எஸ்.ஸில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.